இதயத்தின் கரையைச் சுற்றி ஒரு நடை: மார்பு எக்ஸ்ரே பார்க்கப் பழகுபவர்களுக்கு

போன மாதம் ஒரு சாயங்காலம், தர்மபுரியில் கிளினிக்கைப் பூட்டும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் இப்போதுதான் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியைத் தொடங்கியிருக்கும் பையன். கீழே ஒரு வரி: "சார், 21 வயசு. ஓசூர் கம்பெனி வேலைக்கு ஃபிட்னஸ் கேட்டு வந்திருக்கார். ரைட் ஹார்ட் பார்டர் தெரியல. மிடில் லோப் நிமோனியாதானே?"

காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இருமல்? இல்லை. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, மூன்று மாடி படியேறி, வரிசையில் நின்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட பையன் அவன். ஆனாலும் படத்தில் இதயத்தின் வலது கரை கலங்கித்தான் இருந்தது. ஹவுஸ் சர்ஜன் பார்த்தது பொய்யில்லை.

அந்தப் படத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன். அதைச் சரியாகப் படிக்க வேண்டுமானால் இதயத்தின் கரை ஏன் தெரிகிறது, எந்த இடத்தில் எந்த அறை கரையாக நிற்கிறது, அதை ஒட்டி நுரையீரலின் எந்தப் பகுதி படுத்திருக்கிறது என்ற மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் இந்த மூன்றில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் படத்தை நம்பலாமா என்று பாருங்கள்

படத்தைப் பார்க்கும்போது நோயாளி உங்களைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலது பக்கம் உங்கள் இடது கைப் பக்கம் வரும். மூலையில் 'R' என்ற குறி இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இதயத்தின் முனை வலது பக்கம் திரும்பியிருந்தால் உடனே பெரிய பெயர் எதையும் சொல்லிவிடாதீர்கள். குறியை மாற்றி வைத்திருக்கலாம், கம்ப்யூட்டரில் படம் திரும்பியிருக்கலாம். நோயாளியின் நெஞ்சில் கையை வைத்தால் துடிப்பு எந்தப் பக்கம் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது பிஏ வியூவா, ஏபி வியூவா என்பது. பிஏ என்றால் நோயாளி நின்றுகொண்டு நெஞ்சைப் பலகையில் ஒட்டி வைக்கிறார். கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. குழாய் சுமார் 180 செ.மீ. தள்ளி இருக்கும். ஏபி என்றால் கதிர் முன்பக்கத்திலிருந்து வருகிறது, பலகை முதுகுக்குக் கீழே. படுக்கையில் இருப்பவருக்கு இப்படித்தான் எடுக்க முடியும். குழாயின் தூரமும் பெரும்பாலும் 100 செ.மீ. பக்கம்தான். இதயம் நெஞ்சுக்கூட்டின் முன்பக்கம் இருக்கிற உறுப்பு. பிஏ எடுக்கும்போது அது பலகைக்கு அருகில் இருப்பதால் நிழல் கிட்டத்தட்ட உள்ள அளவிலேயே விழும். ஏபியில் பலகையிலிருந்து விலகி, விளக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. சுவரில் கையின் நிழல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெருக்கும். அதே கதைதான்.

படத்தில் எழுதியிருக்காவிட்டாலும் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். நின்று எடுத்த பிஏ படத்தில் தோள்களை முன்னால் உருட்டச் சொல்வதால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு வெளியே நகர்ந்திருக்கும். ஏபியில் அவை நுரையீரல் மேலேயே விழுந்து கிடக்கும். இடது டயஃப்ரத்துக்குக் கீழே வயிற்றில் காற்றுக்குமிழ் தெரியும். அதன் அடியில் தட்டையான நீர்மட்டம் இருந்தால் ஆள் நிமிர்ந்து இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மருத்துவமனையில் இரவு டியூட்டி. மாம்பழ சீசன். காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்பில் மரத்திலிருந்து விழுந்த ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். படுத்த வாக்கிலேயே எக்ஸ்ரே. இதயத்தின் அகலம் 16.8 செ.மீ., நெஞ்சுக்கூட்டின் உள் அகலம் 28 செ.மீ. பாதிக்கு மேல் போய்விட்டது, 0.60. நான் அவர் மகனைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு இதயம் வீங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் எழுந்து நடமாடியதும் சீனியர் ஒரு பிஏ எடுக்கச் சொன்னார். அதே ஆள், அதே இதயம்: 14 செ.மீ., நெஞ்சுக்கூடு 29.5 செ.மீ. விகிதம் 0.47. அவருக்கு உடைந்திருந்தது ஒரு விலா எலும்பு மட்டும்தான். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்தக் குடும்பம் தூங்கவில்லை. மகனிடம் போய்ச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இந்த விகிதத்தை எடுக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இதயத்தின் வலது கரை அதிகபட்சம் எவ்வளவு தள்ளிப் போகிறது, இடது கரை எவ்வளவு தள்ளிப் போகிறது என்று தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது, இருக்கவும் தேவையில்லை. அந்தக் கூட்டுத்தொகையை, நெஞ்சுக்கூட்டின் மிக அகலமான இடத்தில் ஒரு பக்க விலா எலும்பின் உள்விளிம்பிலிருந்து மறுபக்க உள்விளிம்பு வரை உள்ள அகலத்தால் வகுக்க வேண்டும். பெரியவர்களுக்கு நன்றாக மூச்சிழுத்து எடுத்த பிஏ படத்தில் 0.5-க்குள் இருந்தால் சரி. கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; 0.6 வரைகூட இயல்பே. வெளித்தோல் வரை அளந்துவிட்டு 'இதயம் சின்னது' என்று சந்தோஷப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூச்சும் திருப்பமும்

நன்றாக மூச்சிழுத்துப் பிடித்த படத்தில், காரை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே வலது டயஃப்ரத்தை முன்பக்க விலா எலும்புகளில் ஆறாவது, அல்லது அதன் அக்கம்பக்கம் ஒன்று வந்து தொடும். பின்பக்கம் எண்ணினால் ஒன்பது, பத்து தெரியும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி? முதுகெலும்பிலிருந்து கிளம்பி ஏறக்குறைய படுக்கைவாட்டில் போகிறவை பின்பக்க விலாக்கள், பளிச்சென்று இருக்கும். வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சாய்வாக இறங்கி, பாதியில் மங்கிக் காணாமல் போகிறவை முன்பக்க விலாக்கள். அதற்கு மேல் நெஞ்செலும்பு வரை குருத்தெலும்புதான், அது படத்தில் தெரியாது. எண்ணும்போது காரை எலும்பின் உள்முனைக்குப் பக்கத்தில் குட்டையாக வளைந்திருக்கிற முதல் விலாவைப் பிடித்துக்கொண்டு அதன் முன்முனையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். மேலே அவசரப்பட்டால் கீழே கணக்கு தப்பும்.

மூச்சு போதாத படத்தில் டயஃப்ரம் மேலேறி இதயத்தைத் தள்ளும். இதயம் படுத்துக்கொண்டது போல அகலமாகத் தெரியும், நுரையீரலின் அடிப்பகுதியில் இரத்தக்குழாய்கள் நெருங்கி வெள்ளையாகும். பாதிப் பேர் இதை 'பேசல் நிமோனியா' என்று எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று எக்ஸ்ரே அறையில் வேகமாகச் சொன்னால் பாட்டிக்குப் புரியாது. பயத்தில் மூச்சை விட்டுவிட்டு நிற்பார். எங்கள் டெக்னீஷியன் ஒருவர் "உசிரு எளெதுகொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லிக்காட்டி, தானும் இழுத்துக் காட்டுவார். அவர் எடுக்கிற படத்தில் ஆறு விலா எப்போதும் இருக்கும்.

திருப்பத்தைப் பார்க்க இரண்டு காரை எலும்புகளின் உள்முனைகளையும் பாருங்கள். அவற்றுக்கு நடுவே முதுகெலும்பின் பின்முள் ஒரு சொட்டு நீர் போல நேராகத் தெரியும். இரண்டு முனைகளும் அதிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒட்டியும் மற்றொன்று விலகியும் இருந்தால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார். அப்போது இதயம் ஒரு பக்கம் நகர்ந்தது போல ஆகும். வலது கரை முதுகெலும்பின் நிழலுக்குள் ஒளிந்துகொண்டு 'காணவில்லை' என்று உங்களைக் கலங்கடிக்கும்.

பெண்களின் படத்தில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஜடையைத் தூக்கிக் கட்டினார்களா? எண்ணெய் தேய்த்து இறுகப் பின்னிய ஜடை தோளில் விழுந்திருந்தால் நுரையீரலின் உச்சியில் வரிவரியாக ஒரு நிழல் தரும். காசநோயோ என்று ஓடியவர்கள் உண்டு. அந்த நிழலைக் கழுத்து வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். நுரையீரலுக்கு வெளியேயும் அது நீண்டால் முடிதான்.

கரை ஏன் தெரிகிறது

எக்ஸ்ரேயின் கண்ணுக்கு உடம்பில் நான்கே வகைதான்: காற்று, கொழுப்பு, நீர், எலும்பு. தசை, இரத்தம், இதயச் சுவர், சீழ் எல்லாமே நீர்க் கணக்கில்தான் சேரும். இரண்டு வெவ்வேறு வகைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் நடுவில் கோடு தெரியும். தட்டில் இரண்டு கேழ்வரகுக் களி உருண்டைகளைத் தள்ளித்தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் தெளிவாகத் தெரியும். ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டிவிட்டால் எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதயம் ஒரு களி உருண்டை. அதைச் சுற்றியிருக்கிற நுரையீரலில் காற்று. அதனால்தான் கரை தெரிகிறது. கரையை ஒட்டிய நுரையீரல் பகுதியில் காற்று போய் நீரோ சீழோ நிரம்பினால் அந்த இடத்தில் மட்டும் கரை அழியும். நிரம்பிய பகுதி இதயத்தைத் தொடாமல் முன்னாலோ பின்னாலோ இருந்தால், படத்தில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலும் கரை அதன் வழியாகத் தெளிவாகவே தெரியும். பெஞ்சமின் ஃபெல்சன் என்ற அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் 1950-ல் இதற்கு 'சில்ஹவுட் சைன்' என்று பெயர் வைத்துப் பிரபலப்படுத்தினார். முன்னும் பின்னும் தெரியாத தட்டைப் படத்தில் ஆழத்தைச் சொல்லித்தருவது இந்த ஒரு தந்திரம்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். இதயத்தின் நான்கு அறைகளையும் படத்தில் தேடாதீர்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவரும் நீர், உள்ளே இருக்கும் இரத்தமும் நீர். உள்ளே கோடு எதுவும் தெரியாது. வெளிக்கரை மட்டுமே நம்முடையது.

கரையைச் சுற்றி நடப்பது

விரலை வலது காரை எலும்பின் உள்முனைக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். முதுகெலும்பை ஒட்டி, ஏறக்குறைய நேராக, சற்று மங்கலாக இறங்குகிற கோடு சுப்பீரியர் வீனா கேவா, அதாவது மேற்பெருஞ்சிரை. வயதானவர்களிடம் மகாதமனியின் ஏறும் பகுதி நீண்டு வளைந்து இந்தக் கோட்டுக்கு வெளியே லேசாகப் புடைத்துக்கொண்டிருக்கலாம். அதற்குக் கீழே வெளியே வளைந்து வருகிற மென்மையான வளைவு வலது ஏட்ரியம். வலது கரை என்றாலே இதுதான். இதயத்தின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும். இந்த வளைவைத் தொட்டுக்கொண்டு படுத்திருப்பது வலது நுரையீரலின் நடு மடல், மிடில் லோப். ஹவுஸ் சர்ஜன் பையன் சொன்ன பெயர் இங்கேயிருந்துதான் வருகிறது.

இப்போது இடது பக்கம் மேலே. முதல் புடைப்பு மகாதமனி வளையும் இடம், அயோர்டிக் நக்கிள். விரல் முட்டியை மடக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. இளைஞர்களில் சின்னதாக, வயதானவர்களில் பெரிதாக, சில சமயம் ஓரத்தில் சுண்ணாம்புக் கோட்டோடு இருக்கும். அதற்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம். பிறகு பல்மனரி ட்ரங்க். ஒல்லியான இளம்பெண்களில் இது கொஞ்சம் புடைத்துத் தெரிவது சாதாரணம். அதற்கும் கீழே இடது ஏட்ரியத்தின் காதுமடல் போன்ற ஒட்டு. இந்த இடம் தட்டையாகவோ லேசாக உள்வாங்கியோ இருக்க வேண்டும். இங்கே வெளியே புடைத்திருந்தால் இடது ஏட்ரியம் பெருத்திருக்கிறதா, மிட்ரல் வால்வில் ரூமாட்டிக் கோளாறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். அதிலிருந்து முனை வரை நீண்டு இறங்குகிற பெரிய வளைவு இடது வென்ட்ரிக்கிள். இதைத் தொட்டுக்கொண்டிருப்பது இடது மேல் மடலின் லிங்குலா.

வலது வென்ட்ரிக்கிள் எங்கே என்று எல்லோரும் கேட்பார்கள். பிஏ படத்தில் அது எந்தக் கரையிலும் இல்லை. இதயத்தின் முன்முகத்தில் பெரும்பகுதி அதுதான். நெஞ்செலும்புக்குப் பின்னால், டயஃப்ரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் கரையைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கவாட்டுப் படம் வேண்டும். இடது ஏட்ரியமோ பின்பக்கம் உணவுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டு மட்டும்தான் இடது கரையில் எட்டிப்பார்க்கிறது. 'வலது கரை வலது வென்ட்ரிக்கிள்' என்று வாய்மொழித் தேர்வில் சொல்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள். பெயரில் வலது இருப்பதால் வரும் வினை.

கரை கலங்கியிருந்தும் ஒன்றுமில்லாத இடங்கள் இரண்டு உண்டு. இதயத்தின் முனை டயஃப்ரத்தைச் சந்திக்கிற மூலையில் கொழுப்பு படிந்திருக்கும். அங்கே விளிம்பு கொஞ்சம் மங்கும். உடம்பு போட்டவர்களில் அதிகம். இன்னொன்று, இடது டயஃப்ரத்தை வெளியிலிருந்து உள்ளே தொடர்ந்து போனால் இதயம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதன் முன்பகுதிக் கோடு காணாமல் போகும். களியும் களியும் ஒட்டிக்கொண்ட கதைதான், நோயில்லை. ஆனால் இதய நிழலின் வழியாகத் தெரிகிற டயஃப்ரத்தின் பின்பகுதியும், முதுகெலும்பின் இடது ஓரமாக இறங்குகிற மகாதமனிக் கோடும் தெரிய வேண்டும். அவை அழிந்திருந்தால் இதயத்தின் பின்னால் இடது கீழ் மடலில் ஏதோ ஒளிந்திருக்கிறது. இதய நிழலுக்குள் பார்க்காமல் படத்தைக் கீழே வைக்காதீர்கள்; நுரையீரலின் கணிசமான பகுதி அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மூச்சுக்குழாய் நடுவில் இறங்கி, மகாதமனி வளைவின் மட்டத்தில் லேசாக வலது பக்கம் ஒதுங்கும், அது இயல்பு. இரண்டு ஹைலங்களில் இடதுதான் ஒன்றிரண்டு செ.மீ. மேலே இருக்கும், அல்லது இரண்டும் சமமாக இருக்கும். வலது மேலே போயிருந்தால் ஏதோ ஒன்று இழுக்கிறது அல்லது தள்ளுகிறது. டயஃப்ரத்தில் தலைகீழ்: வலது பக்கம்தான் சற்று மேலே. பக்கவாட்டு மூலைகள் கத்தி முனை போலக் கூர்மையாக இருக்க வேண்டும். வலது ஹைலத்திலிருந்து வெளியே போகிற மயிரிழைக் கோடு ஹரிசான்டல் ஃபிஷர், மேல் மடலுக்கும் நடு மடலுக்கும் உள்ள எல்லை. எல்லாப் படத்திலும் தெரியாது. தெரிந்தால் அது பெரிய உதவி. கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் வட்டப் புள்ளிகள் இருந்தால் அவை மார்புக்காம்பாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் காம்பின் மேல் ஒரு சின்ன உலோகக் குறியை ஒட்டி மறுபடி எடுத்தால் தீர்ந்தது.

பாலக்கோட்டுப் பையனின் படம்

இப்போது அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வருவோம். மேலே சொன்ன வரிசையிலேயே போனேன்.

'R' குறி சரியான பக்கம். தோள்பட்டை எலும்புகள் வெளியே, வயிற்றுக் குமிழில் நீர்மட்டம். ஆக நின்று எடுத்த பிஏ. முன்பக்க விலா ஆறு தெரிகிறது. காரை எலும்பு முனைகள் பின்முள்ளிலிருந்து சம தூரம். படத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வலது கரை: மேற்பெருஞ்சிரை தெளிவு. ஏட்ரியத்தின் வளைவில் கீழ்ப்பாதி கலங்கல். அதை ஒட்டி வலப்பக்கம் லேசான வெண்மை. வலது டயஃப்ரம் கோடு போட்டது போலத் தெளிவு. ஆகவே கீழ் மடல் இல்லை. கரை மட்டும் அழிந்து டயஃப்ரம் பிழைத்திருந்தால் நடு மடல்தான் என்ற கணக்கில் ஹவுஸ் சர்ஜன் போனது சரியான பாதையே. ஆனால் அவர் ஒரு திருப்பத்தில் நிற்காமல் போய்விட்டார். ஹரிசான்டல் ஃபிஷர் இந்தப் படத்தில் தெரிந்தது. அதன் வழக்கமான இடத்தில், மயிரிழையாக, மேலும் கீழும் ஒரே கருமையோடு. நடு மடல் சீழால் நிரம்பியிருந்தால் அந்த வெண்மை ஃபிஷர் வரை ஏறி, அங்கே கத்தியால் வெட்டியது போல நின்றிருக்க வாய்ப்பு அதிகம். சுருங்கியிருந்தால் ஃபிஷரே கீழே இழுக்கப்பட்டிருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

பிறகு அளந்தேன். நடுக்கோட்டிலிருந்து வலது கரை 2.5 செ.மீ. மட்டும். இடது கரை 10 செ.மீ. மொத்தம் 12.5, நெஞ்சுக்கூடு 28. விகிதம் 0.45, அதாவது இதயம் பெருக்கவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஆள் திரும்பியும் நிற்கவில்லை. அப்படியானால் இதயத்தை யாரோ இடப்பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள்.

அப்போதுதான் விலாக்களை மறுபடி பார்த்தேன். பின்பக்க விலாக்கள் வழக்கத்தைவிடத் தட்டையாக, படுக்கைவாட்டில். முன்பக்க விலாக்கள் செங்குத்தாக, வீட்டுக் கூரை ஓடு போலச் சரிந்து இறங்குகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 7 என்ற எண்ணின் வடிவம்.

"பையன் இன்னும் அங்கதான் இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்கார் சார், ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருக்கார்."

"சட்டையைக் கழட்டச் சொல்லிப் பாருங்க."

ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு குரல் இறங்கி வந்தது: "சார், நெஞ்சுக்கு நடுவுல குழி."

பெக்டஸ் எக்ஸ்கவேட்டம். நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதி பிறவியிலேயே உள்வாங்கியிருக்கும். அது இதயத்தை இடப்பக்கம் ஒதுக்கும். குழியின் வலது சரிவில் உள்ள சதையும் குருத்தெலும்பும் இதயத்தின் ஓரமாக உள்ளே சாய்ந்திருக்கும். கதிர் அந்தச் சரிவை நீளவாக்கில் துளைத்து வருவதால் அங்கே ஒரு வெண்மை விழும். ஏட்ரியத்துக்கு அருகில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் சதை வந்து உட்கார்ந்துவிடுகிறது. களியும் களியும் ஒட்டிக்கொண்டது; கரை போனது. சில்ஹவுட் சைன் பொய் சொல்லவில்லை, இதயத்தை ஒட்டி நீர்வகைப் பொருள் இருக்கிறது என்றுதான் சொன்னது. அது நுரையீரலுக்குள் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டது நாம்.

பக்கவாட்டுப் படம் ஒன்று எடுக்கச் சொன்னேன். நெஞ்செலும்பு உள்ளே வளைந்து போவது அதில் பளிச்சென்று தெரிந்தது. இதயத்தின் மேல் விழுகிற முக்கோண வெண்மை, அதாவது நடு மடல் நோயின் அடையாளம், அதில் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழி இருக்கிறவருக்கும் நிமோனியா வரும். இதே படம் ஐந்து நாள் காய்ச்சலும் சளியும் உள்ள ஒருவருடையதாக இருந்தால், குழியைக் காட்டி நான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். பக்கவாட்டுப் படம், முடிந்தால் பழைய படத்தோடு ஒப்பீடு, அப்படியும் தெளியாவிட்டால் சிடி. பழைய படத்தில் இதே கலங்கல் இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். அதனால்தான் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் மஞ்சப்பையில் பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கிறதா என்று எப்போதும் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பார்கள்.

பையனுக்கு மூச்சுத்திணறல் கிடையாது, ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் இல்லை. இருந்திருந்தால் எக்கோ எடுத்துவிட்டுத்தான் கையெழுத்து. ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: நெஞ்செலும்பு உள்வாங்கியிருப்பதால் இதயம் இடப்பக்கம் ஒதுங்கி வலது கரை மங்கலாகத் தெரிகிறது, நுரையீரலில் நோய்க்கான அறிகுறி இல்லை. இதைத் தமிழில் அவனுக்கும் சொல்லச் சொன்னேன். அடுத்த கம்பெனியில் இன்னொருவர் இதே படத்தைப் பார்த்துப் பயமுறுத்துவார், அப்போது அவனே சொல்லிக்கொள்ளலாம்.

ஃபோனை அவனிடமே கொடுத்தார் ஹவுஸ் சர்ஜன். குழி எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"சின்ன வயசுல இருந்தே சார். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கிறப்ப அதுலதான் ஊத்தி வச்சுக்குவேன். கிண்ணம் தேவையில்ல."